தண்ணீர் சூடானதும் பொயிலர் பம்பி உறுமுகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

காலபோக அறுவடை முடிந்து நெல் வந்து குவியும் மாசி, பங்குனியில்தான் வன்னிப் பக்கத்துப் புழுங்கல் ஆலைகளில் இந்த முறைப்பாடு கூடுதலாக வரும். காலையில் பொயிலர் மூட்டும்போது பம்பி அமைதியாக ஓடும், மத்தியானம் ஆனதும் உள்ளே சல்லிக்கல் உருள்வது போல சத்தம் போடும், டெலிவரி கேஜ் முள் நடுங்கும், கொஞ்ச நேரத்தில் பொயிலரின் மட்டக் கண்ணாடியில் தண்ணீர் இறங்கத் தொடங்கும். உடனே பம்பியைக் கழற்றி இம்பெல்லரை மாற்றுகிறார்கள். சிலர் "சக்தி காணாது" என்று இன்னும் பெரிய பம்பி வாங்கிப் போடுகிறார்கள், அது பிரச்சினையைக் கூட்டும். ஏன் கூட்டும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முதல் ஒன்று. மட்டக் கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லை என்றால் பம்பியைப் பார்ப்பதை விட்டுவிட்டு உமி போடுவதை நிறுத்துங்கள், காற்றாடியை நிறுத்துங்கள், நெருப்பை இழுத்து வெளியே போடுங்கள். அந்த நேரத்தில் பொயிலருக்குள் தண்ணீர் விடவே கூடாது. பழுத்த இரும்பில் தண்ணீர் பட்டால் நடப்பதைத் திருத்த முடியாது. முழுதும் ஆறவிட்டு, உள்ளே பார்த்த பிறகுதான் மற்றது எல்லாம்.

சூட்டுத் தண்ணீருக்கு ஏன் கூடுதல் அமுக்கம் வேண்டும்

வன்னியில் கிணறு வைத்திருப்பவர்களுக்குப் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும். தரையில் வைத்த பம்பி 25 அடிக்குக் கீழே போன தண்ணீரை எடுக்காது, அதனால் வரட்சியில் மட்டம் இறங்கினால் பம்பியையே கிணற்றுக்குள் இறக்குகிறோம். உண்மையில் பம்பி தண்ணீரை இழுப்பதில்லை. அது தன் வாயில் அமுக்கத்தைக் குறைத்துக் கொடுக்கிறது, வெளியே இருக்கும் வளிமண்டல அமுக்கம்தான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. அந்த அமுக்கத்தால் தாங்கக்கூடிய தண்ணீர்த் தூண் ஏறத்தாழ 10.3 மீற்றர். உராய்வும் பம்பியின் சொந்தத் தேவையும் போக நமக்கு மிஞ்சுவது அந்த 25 அடி.

இப்போது அதே தண்ணீரைச் சூடாக்குங்கள். எந்தத் தண்ணீருக்கும் அதன் சூட்டைப் பொறுத்து ஓர் ஆவியமுக்கம் உண்டு, சுற்றியுள்ள அமுக்கம் அதற்குக் கீழே இறங்கினால் அது அந்த இடத்திலேயே கொதிக்கும், 100 பாகை வரும்வரை காத்திருக்காது. இந்த ஆவியமுக்கத்தை மீற்றரில் சொன்னால் 30 பாகைத் தண்ணீருக்கு அரை மீற்றருக்கும் குறைவு, 80 பாகைக்கு 5 மீற்றர், 90 பாகைக்கு 7.4 மீற்றர், 95 பாகைக்கு 9 மீற்றர். வளிமண்டலம் தரும் தூணிலிருந்து இது கழிபடும். சூட்டுத் தண்ணீர் பாரம் குறைவு என்பதால் அந்தத் தூண் 90 பாகைக்கு மேல் ஏறத்தாழ 10.7 மீற்றர் ஆகிறது. மிச்சம் 30 பாகையில் கிட்டத்தட்ட 10 மீற்றர், 90 பாகையில் 3.3 மீற்றர், 95 பாகையில் 1.8 மீற்றர், 100 பாகையில் ஒன்றுமே இல்லை. கவனியுங்கள், 90-க்கும் 95-க்கும் இடையில் ஐந்தே பாகையில் கையிருப்பின் பாதி போய்விடுகிறது. நேற்று ஓடிய பம்பி இன்று ஓடாமல் போவதற்கு அந்த ஐந்து பாகையே காணும்.

பம்பி வாயில் தண்ணீர் நுழைந்து இம்பெல்லரின் கண்ணுக்குள் திரும்பும் இடத்தில் அமுக்கம் இன்னும் விழும். அங்கே ஆவிக்குமிழ் உண்டாகி, சில மில்லிமீற்றர் தள்ளி அமுக்கம் கூடிய இடத்தில் நொறுங்கும். அந்த நொறுங்கலைத்தான் நீங்கள் சல்லிக்கல் சத்தமாகக் கேட்கிறீர்கள், இம்பெல்லரில் அரித்த குழிகளும் அதனால்தான் வருகின்றன. இது நடக்காமல் இருக்கப் பம்பி வாயில் எத்தனை மீற்றர் மிச்சம் வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர் பம்பி வரைபில் தனிக் கோடாகக் கொடுத்திருப்பார், அதுதான் தேவைப்படும் என்.பி.எஸ்.எச். நம்மிடம் உள்ள மிச்சத்தை நாம் கணக்கிட வேண்டும்:

```
NPSHa = வளிமண்டல அமுக்கம் - ஆவியமுக்கம் + உயரம் - உராய்வு
```

எல்லாம் மீற்றரில். உயரம் என்பது பொயிலருக்குத் தண்ணீர் கொடுக்கும் தாங்கியின் மிகக் குறைந்த நீர்மட்டத்துக்கும் பம்பியின் உறிஞ்சு வாய்க்கும் இடைப்பட்டது. தாங்கி நிரம்பியிருக்கும்போது அளந்து திருப்திப்பட வேண்டாம். இன்னொன்று, வரைபில் உள்ள கோடு பாதுகாப்பான எல்லை இல்லை. பம்பியின் தலை உயரம் ஏற்கெனவே 3 சதவீதம் விழுந்த நிலையைக் குறிக்கும் கோடு அது, அதாவது குமிழ்கள் அங்கே ஏற்கெனவே வேலையைத் தொடங்கிவிட்டன. ஆகவே கோட்டுக்கு மேல் குறைந்தது ஒரு மீற்றராவது கையில் இருக்க வேண்டும் என்பது என் கட்டாயம்.

அறிகுறி: குளிரில் நன்றாக ஓடும், சூட்டில் உறுமும்

முதலில் தாங்கித் தண்ணீரின் சூட்டை அளவுங்கள். கையால் தொட்டுச் சொல்ல வேண்டாம், 80-ம் 95-ம் கைக்கு ஒன்றுதான். பிறகு பம்பி உறுமும்போது இரண்டு சோதனை. ஒன்று, டெலிவரி வால்வை மெல்ல மெல்ல மூடிப் பாருங்கள், சத்தம் குறைந்தால் பிழை உறிஞ்சு பக்கம், ஏனென்றால் ஓட்டம் குறையும்போது உராய்வும் பம்பியின் தேவையும் இரண்டும் இறங்குகின்றன. மற்றது, தாங்கிக்குள் கிணற்றுத் தண்ணீரைத் திறந்துவிட்டு 75 பாகைக்குக் கொண்டுவாருங்கள், சத்தம் தானாக நின்றால் பம்பியைக் கழற்றவே தேவையில்லை.

பரந்தன் பக்கத்து ஆலை ஒன்றைக் கணக்கோடு எடுத்துக்கொள்வோம். மணிக்கு 2 தொன் உமி பொயிலர், ஓடும் அமுக்கம் 8 பார், பாதுகாப்பு வால்வு 10 பாரில் திறக்கும். நெல் அவிக்கும் ஸ்டீம் நேரே நெல்லுக்குள் போவதால் அதிலிருந்து ஒரு சொட்டும் திரும்பாது, ஆரம்பத்தில் தாங்கிக்குள் வந்தது முழுக்கக் கிணற்றுத் தண்ணீர்தான், பம்பி வருடக்கணக்கில் பிரச்சினை தரவில்லை. பிறகு ஸ்டீம் ரேடியேற்றர் வைத்த உலர்த்தி ஒன்று போட்டார்கள், அதன் ஒடுங்கு நீரைத் தாங்கிக்குத் திருப்பினார்கள். நல்ல வேலைதான், ஊட்டுநீர் ஆறு பாகை கூடினால் எரிபொருளில் ஏறத்தாழ ஒரு சதவீதம் மிச்சம். ஆனால் தாங்கி 90 பாகைக்குப் போனது, சில நாட்களில் 95-க்கும்.

தாங்கி தாழ்ந்த சீமெந்துக் கட்டில் இருந்தது, குறைந்த நீர்மட்டம் பம்பி வாய்க்கு மேலே 0.8 மீற்றர்தான். ஒன்றரை இஞ்ச் குழாய், நான்கு எல்போ, ஒரு ஸ்ரெயினர், அதோடு ஒரு குளோப் வால்வு. அந்தக் குளோப் வால்வு உறிஞ்சு பக்கத்தில் இருக்கவே கூடாதது, தண்ணீரை உள்ளே மேலும் கீழும் வளைத்து அனுப்புவதால் அது ஒன்றே ஒன்பது எல்போவுக்குச் சமமான தடை. பம்பி உண்மையில் எவ்வளவு எடுக்கிறது என்று அறிய எளிய வழி இருக்கிறது: தாங்கிக்கு வரும் தண்ணீரை எல்லாம் அடைத்துவிட்டு, ஒரு நிமிடத்தில் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பது. ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் தாங்கி, 83 மில்லிமீற்றர் இறங்கியது, அதாவது மணிக்கு 5 கன மீற்றர். இந்த ஓட்டத்தில் அந்தக் குழாயின் உராய்வு 1.2 மீற்றர், பம்பி வரைபு கேட்கும் தேவை 2.5 மீற்றர்.

இனிக் கூட்டிப் பாருங்கள். 90 பாகையில் 3.3, கூட்டல் 0.8, கழித்தல் 1.2, மிச்சம் 2.9. தேவை 2.5. ஓடும், ஆனால் முனகிக்கொண்டு ஓடும். 95 பாகையில் 1.8, கூட்டல் 0.8, கழித்தல் 1.2, மிச்சம் 1.4. ஓடாது. எந்தப் புது இம்பெல்லர் போட்டாலும் ஓடாது.

அந்த 95 எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். தாங்கியின் காற்றுக் குழாயால் ஸ்டீம் புகைபோலக் கிளம்பினால், உலர்த்தியின் ஸ்டீம் ட்ராப் ஏதோ ஒன்று திறந்தபடி நின்றுவிட்டது என்று அர்த்தம், ஒடுங்கு நீரோடு உயிர் ஸ்டீமும் தாங்கிக்குள் கொட்டுகிறது. அங்கே இரண்டு ட்ராப் அப்படித்தான் இருந்தன. அவற்றைத் திருத்தியதும் தாங்கி 88 பாகையில் நின்றது. ஆனால் அதோடு விட்டுவிட வேண்டாம், ட்ராப் திரும்பவும் பழுதாகும், அதுவும் நெல் குவிந்திருக்கும் நாளில்.

நிலையான திருத்தம் இது. தாங்கியை இரும்புச் சட்டகத்தில் ஏற்றிக் குறைந்த மட்டத்தைப் பம்பி வாய்க்கு மேல் 3 மீற்றர் ஆக்கினார்கள், உறிஞ்சு குழாயை இரண்டு இஞ்ச் ஆக்கினார்கள், எல்போவை இரண்டாகக் குறைத்து கேற் வால்வு போட்டார்கள். அந்தக் குளோப் வால்வை டெலிவரிப் பக்கம் வைத்து ஓட்டத்தை மணிக்கு 3 கன மீற்றருக்கு அடக்கினார்கள், அதாவது அந்தத் தாங்கியில் நிமிடத்துக்கு 50 மில்லிமீற்றர். இப்போது உராய்வு 0.1 மீற்றருக்கும் குறைவு, பம்பியின் தேவை 1.5. தாங்கித் தண்ணீர் முழுதாகக் கொதித்து வளிமண்டலத்தின் உதவி பூச்சியமாகிப் போனாலும் உயரம் மட்டும் 2.9 மீற்றர் தருகிறது. நான் எந்தப் புதுத் தாங்கிக்கும் இந்தக் கணக்கைத்தான் போடுவேன்: தண்ணீர் 100 பாகை என்றே வைத்துக்கொள், உயரத்தை மட்டும் நம்பு.

சட்டகம் ஏற்ற இடமில்லை என்று பம்பியைக் குழிக்குள் இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள். கணக்குச் சரி, ஆனால் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை நம் மழையில் அந்தக் குழி நிரம்பும், மோட்டார் போகும். அதைவிட உறிஞ்சு தேவை குறைந்த வகைப் பம்பியைக் கேட்டு வாங்குவது நல்லது, முதல் கட்ட இம்பெல்லர் பெரிதாக்கப்பட்டு அப்படியான மொடல்கள் வருகின்றன. கிணற்றுத் தண்ணீரை விட்டுத் தாங்கியை 60 பாகைக்கு ஆற்றிவைப்பது தற்காலிகத்துக்கு மட்டும். ஆறிய தண்ணீரில் ஒட்சிசன் கூட இருக்கும், 30 பாகையில் லீற்றருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம், 90 பாகையில் அதில் கால்வாசிக்கும் குறைவு. பம்பியைக் காப்பாற்றப் போய்ப் பொயிலர் குழாய்களை அரிக்கவிடக் கூடாது.

அறிகுறி: அவிக்க ஸ்டீம் திறந்தவுடன் மட்டும் சத்தம்

இது பம்பித் தெரிவின் பிழை, பெரிய பம்பி வாங்கியவர்களிடம்தான் அதிகம் பார்க்கிறேன். நெல் தாங்கிக்குள் ஸ்டீமைத் திறந்ததும் பொயிலர் அமுக்கம் 8-லிருந்து 5 பாருக்கு விழும். எதிர்ப்பக்க அமுக்கம் குறைந்தால் பம்பி வரைபில் வலப்பக்கம் ஓடிப் போகும், அதாவது கூடத் தள்ளும். கூடத் தள்ளும்போது அதன் உறிஞ்சு தேவையும் ஏறும், குழாய் உராய்வு ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏறும். மேலே சொன்ன பம்பி 5 பாரில் மணிக்கு 6 கன மீற்றர் தள்ளும், தேவை 3.5 மீற்றர், பழைய குழாயின் உராய்வு 1.7. 90 பாகையில் மிச்சம் 2.4 தான். 90 பாகையிலேயே விழுந்துவிட்டது.

அந்தப் பொயிலருக்கு என்ன பம்பி வேண்டியிருந்தது? ஆவியாவது மணிக்கு 2 கன மீற்றர், கழிவுநீர்த் திறப்பையும் பம்பி நின்று நின்று ஓடுவதையும் சேர்த்து 3 கன மீற்றர் போதும். தலை உயரத்துக்குப் பாதுகாப்பு வால்வை எடுங்கள், அது திறந்திருக்கும்போதும் தண்ணீர் உள்ளே போக வேண்டும்: 10 பாரும் அதன் 3 சதவீதமும் சேர்த்துச் சூட்டுத் தண்ணீரில் ஏறத்தாழ 109 மீற்றர், குழாய், நொன்-ரிட்டர்ன் வால்வு, பொயிலர் உயரத்துக்கு 6 மீற்றர், ஆக 115. அவர்களிடம் இருந்தது 3 கன மீற்றரில் 160 மீற்றர் தரும் பம்பி. "கூட இருந்தால் நல்லதுதானே அண்ணை" என்று பொயிலர் பார்க்கும் தம்பி கேட்டார். கூட இருக்கும் 45 மீற்றரும் எங்கேயும் போய்ச் சேமிப்பாவதில்லை, அது ஓட்டமாக மாறி உறிஞ்சு பக்கத்தில் கடனாக நிற்கும். மாற்ற வசதி இல்லாவிட்டால் டெலிவரியில் அடக்குங்கள், உறிஞ்சு வால்வை மட்டும் ஒருபோதும் தொடாதீர்கள், அது முழுத் திறப்பிலேயே இருக்கட்டும்.

அறிகுறி: மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் போகவில்லை, பம்பி தாங்கியைவிடச் சூடு

ஈரச் சாக்கைப் பம்பி மேல் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் திரும்ப ஓடும் என்று பல ஆலைகளில் ஒரு கைவைத்தியம் இருக்கிறது. ஓடும், ஏனென்றால் உள்ளே பம்பியை அடைத்து நின்றது ஆவி, அது ஒடுங்கிவிடுகிறது. ஆனால் தாங்கி 85 பாகையில் இருக்க, நின்ற பம்பி 85-ஐவிட எப்படிச் சூடாகும்? பொயிலரிலிருந்து பின்னோக்கி வந்தால்தான். 8 பாரில் பொயிலர்த் தண்ணீர் ஏறத்தாழ 175 பாகை, நொன்-ரிட்டர்ன் வால்வின் இருக்கையில் உப்புப் படிந்து சரியாக மூடாவிட்டால் அது மெல்ல மெல்லப் பம்பிக்குள் திரும்பி வந்து அங்கேயே ஆவியாகும். நம் கிணற்று நீரின் கடினத்தன்மைக்கு இது அடிக்கடி நடக்கும்.

சோதிப்பது சுலபம். பம்பி நின்று கால்மணி நேரத்துக்குப் பிறகு டெலிவரிக் குழாயில், பம்பிக்கும் நொன்-ரிட்டர்ன் வால்வுக்கும் இடையில் சூட்டை அளவுங்கள், தாங்கியைவிடக் கூடினால் வால்வு கசிகிறது. கழற்றி இருக்கையைத் தேய்த்து இருத்துங்கள், முடிந்தால் இன்னொன்றைத் தொடராகப் போடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடிய பம்பியின் மெக்கானிக்கல் சீல் அநேகமாகப் போயிருக்கும், அதையும் பாருங்கள்.

அறிகுறி: குளிர்ந்த தண்ணீரிலும் அதே சத்தம்

சூட்டோடு சம்பந்தமில்லை. ஸ்ரெயினரைக் கழற்றுங்கள், முக்கால்வாசி நேரம் துருவும் உமித்தூளும்தான். சுத்தமாக இருந்தால், தாங்கி மட்டம் குறையும்போது குழாய் வாயில் சுழி விழுந்து காற்று போகிறதா, உறிஞ்சு பக்க மூட்டுகளில் காற்று நுழைகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: டீஏரேற்றர் போட்ட பிறகும் உறுமுகிறது

பெரிய பொயிலர் வைத்த ஆடைத் தொழிற்சாலை போன்ற இடங்களில் இது வரும். டீஏரேற்றர் தண்ணீரை ஸ்டீமால் 105 பாகைக்குச் சூடாக்கி ஒட்சிசனை வெளியேற்றுகிறது, உள்ளே 0.2 பார் அமுக்கம். பம்பி வாயில் கேஜ் போட்டால் 3 மீற்றர் உயரத்தையும் சேர்த்து 0.5 பார் காட்டும். அதைப் பார்த்து 5 மீற்றர் தலை உயரம் இருக்கிறது என்று நினைத்துத் தேவை 4 மீற்றர் கொண்ட பம்பியை வாங்கி விடுகிறார்கள்.

அந்த 0.2 பார் பம்பிக்கு ஒரு பயனும் தராது. டீஏரேற்றரில் உள்ள தண்ணீர் எப்போதும் கொதிநிலையில்தான் நிற்கிறது, ஆகவே மேலே எவ்வளவு அமுக்கம் இருக்கிறதோ அதே அளவுதான் அதன் ஆவியமுக்கமும். சூத்திரத்தின் முதல் இரண்டு உறுப்புகளும் ஒன்றை ஒன்று வெட்டிவிடும். அமுக்கத்தை 0.5 பாருக்குக் கூட்டினால் தண்ணீரும் அதற்கேற்றபடி சூடாகும், கணக்கு மாறாது. மிஞ்சுவது உயரம், கழித்தல் உராய்வு. டீஏரேற்றரை மாடியளவு உயரத்தில் ஏற்றிவைக்கும் காரணம் இதுதான், அந்த உயரத்தைக் கூலி மிச்சம் என்று குறைத்தால் வேறு எங்கேயும் அதை ஈடுகட்ட முடியாது.

உயரம் போதுமாக இருந்தும் சில நேரம் மட்டும் உறுமினால், உள்ளே அமுக்கம் விழும் நேரத்தைக் கவனியுங்கள். குளிர்ந்த தண்ணீர் வால்வு ஒரேயடியாகத் திறந்து கொட்டினால், அல்லது தொழிற்சாலையில் ஸ்டீம் திடீரென்று இழுபட்டால், டீஏரேற்றரின் அமுக்கம் 0.2-லிருந்து 0.1 பாருக்கு விழும். தாங்கிக்குள் உள்ள தண்ணீர் கொஞ்சம் ஆவியாகித் தன்னை ஆற்றிக்கொள்ளும், ஆனால் உறிஞ்சு குழாய்க்குள் ஏற்கெனவே இறங்கிவிட்ட தண்ணீர் இன்னும் 105 பாகையில் இருக்கிறது, அதற்கு ஒரு மீற்றருக்கு மேல் கையிருப்பு குறைந்துபோகும். அந்தப் பழைய தண்ணீர் பம்பியைக் கடந்து போகும்வரை சத்தம் இருக்கும்.

இங்கேதான் குழாயை அளவுக்கு மிஞ்சிப் பெரிதாக்கக் கூடாது. மணிக்கு 3 கன மீற்றர் ஓட்டத்தில் 6 மீற்றர் நீள இரண்டு இஞ்ச் குழாயைத் தண்ணீர் 14 செக்கனில் கடக்கும், நான்கு இஞ்ச் ஆக்கினால் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும், உறுமலும் அவ்வளவு நேரம் நீளும். உராய்வு ஏற்கெனவே 0.1 மீற்றர் என்றால் இன்னும் பெரிய குழாயால் லாபமில்லை. குளிர்நீர் வால்வைத் திறந்து மூடும் வகையிலிருந்து மட்டத்தைப் பார்த்து மெல்லத் திறக்கும் வகைக்கு மாற்றுங்கள், டீஏரேற்றரின் ஸ்டீம் வால்வு முழுக் குளிர்நீரையும் சூடாக்கும் அளவு பெரிதா என்று பாருங்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் பம்பியின் தேவைக்கும் உராய்வுக்கும் மேலே இன்னும் ஒன்றரை, இரண்டு மீற்றர் உயரம் விட்டுச் சட்டகத்தைப் போடுங்கள். வெல்டிங் செய்பவர் கால் நீளத்தை வெட்டுவதற்கு முதல் இந்த இலக்கத்தைச் சொல்லிவிட வேண்டும்.